முகாமில் மோக்கா 26க்குக் கீழ் வந்தவர்களை எல்லாம் நியூரோவுக்கு அனுப்ப வேண்டுமா?

கரிசல்டாக்டர்
வணக்கம். தாலுகா ஊர் ஒன்றில் பொது மருத்துவம் பார்க்கிறேன். 60 வயது தாண்டியவர்களுக்கு மாதம் ஒரு முகாம் போடுகிறோம். சர்க்கரை, பிரஷர், கண் பார்ப்பதோடு இந்த முறை ஞாபகசக்திப் பரிசோதனையும் சேர்த்தோம். செவிலியர் இருவர் மோக்கா தமிழ்த் தாளை வைத்துக் கேட்டார்கள். மொத்தம் 30 புள்ளி. 41 பேரில் 33 பேர் 26க்குக் கீழே வந்துவிட்டார்கள். ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு மறதி நோய் இருக்க வாய்ப்பில்லை என்பது எனக்கே தெரிகிறது. ஆனால் அந்த 33 பேரில் நிஜமாகவே கவலைப்பட வேண்டியவர்களை எப்படிப் பிரிப்பது? மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஒரே நியூரோ டாக்டரிடம் 33 பேரையும் அனுப்பினால் அவரும் திட்டுவார், நோயாளிகளும் ஒரு நாள் கூலியை இழப்பார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

எஸ்.ரகு
டாக்டர், கல்விக்கான கூடுதல் புள்ளியைச் சேர்த்தீர்களா? 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 1 புள்ளி கூட்ட வேண்டும் என்று தாளிலேயே இருக்கிறது. அதைச் சேர்த்தால் கல்விப் பிரச்சினை தீர்ந்துவிடும். அதன் பிறகும் 26க்குக் கீழே என்றால் மைல்ட் இம்பேர்மென்ட் என்று எழுதிக்கொள்ளலாம். சந்தேகம் இருந்தால் எம்எம்எஸ்இ என்ற இன்னொரு ஞாபகசக்தித் தாளைப் போட்டுப் பாருங்கள். அதில் 24க்குக் கீழே என்றால் டிமென்ஷியா. நாங்கள் வார்டில் இப்படித்தான் செய்வோம். இன்னொன்று, நாள், தேதி, இடம் கேட்கும் பகுதியில் யார் தடுமாறுகிறார்களோ அவர்களைத் தனியாக எடுத்து வையுங்கள்.

நிறைமதி
நான் கிளினிக்கல் சைக்காலஜி. முதியோர் நினைவாற்றல் கிளினிக்கில் இந்தத் தாள்களோடுதான் தினமும் வேலை.

ரகு சார் கடைசியாகச் சொன்னது சரி. முதலில் சொன்னதில் பாதிதான் சரி. அந்த 1 புள்ளியும் 26 என்ற எல்லையும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் புரியும். 2005இல் மான்ட்ரியாலில் நஸ்ரெடின் குழு மோக்காவை வெளியிட்டபோது ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட ஆரோக்கியமானவர்கள் சராசரியாகப் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள். அவர்களுடைய சராசரி மதிப்பெண் 27க்கு மேல். அப்படிப்பட்டவர்களுக்குள் 12 வருடம் படித்தவருக்கும் 15 வருடம் படித்தவருக்கும் இருக்கும் இடைவெளியைத்தான் அந்த 1 புள்ளி நிரப்புகிறது. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பாட்டிக்கும் அதே 1 புள்ளியைக் கொடுத்தால் எட்டாத சுவருக்கு ஒரு செங்கல் வைத்துக் கொடுப்பது போல.

26 என்ற எல்லை அமெரிக்காவிலேயே தாங்கவில்லை. டாலஸ் நகரில் பல இன மக்களை வைத்துச் செய்த ஆய்வு 2011இல் வந்தது. சராசரி மதிப்பெண் ஏறக்குறைய 23. மூன்றில் இரண்டு பேர் 26க்குக் கீழே. அவர்கள் நோயாளிகள் அல்ல, ஊர்மக்கள். 2018இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் 23ஐ எல்லையாக வைத்தால் ஆரோக்கியமானவர்களை நோயாளி என்று சொல்லும் தவறு குறையும் என்றார்கள். ஆக டாக்டர், உங்கள் 41இல் 33 என்பது வியப்பான எண்ணே அல்ல.

எம்எம்எஸ்இயின் 24ம் அப்படித்தான். ஃபோல்ஸ்டீன் 1975இல் உருவாக்கிய தாள் அது. வயதும் படிப்பும் மாறினால் அதில் வரும் மதிப்பெண் எவ்வளவு மாறுகிறது என்பதற்கு 1993லேயே பெரிய அட்டவணை வந்துவிட்டது. நான்காம் வகுப்பு வரை படித்த 80 வயதுக்காரர் 20 வாங்குவது சாதாரணம். இன்னொரு பக்கம், ஓய்வுபெற்ற பேராசிரியர் 28 வாங்கிவிட்டு வீட்டில் வங்கிக் கணக்கைக் குழப்பிக்கொண்டிருப்பார். எல்லைக்கு மேலே இருந்தாலே நோய் இல்லை என்றும் சொல்ல முடியாது.

செவ்வந்தி
மன்னிக்கணும், நான் மருத்துவத் துறை இல்லை. எங்க அம்மாவுக்கு 68 வயசு, எட்டாவது படிச்சவங்க. போன மாசம் இப்படி ஒரு முகாம்ல 20 மார்க்னு சொல்லி "மறதி நோய் ஆரம்பம்"னு சீட்டுல எழுதிட்டாங்க. டோனெபெசில் மாத்திரையும் எழுதியிருக்காங்க. அன்னையிலிருந்து அண்ணன் அம்மாகிட்ட பீரோ சாவியைக்கூட கொடுக்கறதில்லை. அப்பா தவறி மூணு மாசம்தான் ஆகுது. அம்மாவுக்குக் காதும் கொஞ்சம் மந்தம். 20ன்னா எத்தனை சதவீதம் மூளை போயிருக்குன்னு அர்த்தம்? மாத்திரையைத் தொடங்கலாமா?

நிறைமதி
செவ்வந்தி, 30இல் 20 என்றால் மூன்றில் ஒரு பங்கு மூளை போய்விட்டது என்று அர்த்தமே கிடையாது. இது பரீட்சை மார்க் மாதிரியும் இல்லை, ரத்தத்தில் சர்க்கரை அளவு மாதிரியும் இல்லை. "இன்னும் கொஞ்சம் விசாரிக்க வேண்டுமா" என்ற கேள்விக்கான சைகை மட்டுமே.

நீங்கள் சொன்னதிலேயே மூன்று காரணங்கள் இருக்கின்றன: எட்டாவது படிப்பு, மூன்று மாதத்துக்கு முன் நடந்த இழப்பு, காது மந்தம். ஒவ்வொன்றும் தனியாகவே சில புள்ளிகளைக் கழிக்கும். மூன்றும் சேர்ந்தால் 20 வருவது கடினமே இல்லை. மாத்திரை விஷயத்தை இங்கே யாரும் முடிவுசெய்யக் கூடாது. ஆனால் எழுதிக் கொடுத்தவரிடமோ வேறு டாக்டரிடமோ இரண்டு கேள்விகள் கேளுங்கள். எந்த நோய் என்று முடிவுசெய்து இதை எழுதியிருக்கிறீர்கள்? இதயத்துடிப்பும் இசிஜியும் பார்த்தீர்களா? அந்த மருந்து சிலருக்கு நாடித்துடிப்பைக் குறைத்து மயக்கத்தில் கொண்டுபோய் விடும். டிமென்ஷியா அளவுக்குப் போகாத லேசான மறதிக்கு அது அங்கீகரிக்கப்பட்ட மருந்தும் இல்லை.

ஒன்று கேட்கிறேன். முகாமுக்கு முன்னால் அம்மா வீட்டு வேலைகளை எப்படிச் செய்துகொண்டிருந்தார்?

செவ்வந்தி
சமையல் அவங்கதான். பால் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் மனசுலயே வெச்சிருப்பாங்க. அப்பாவோட பென்ஷன் மாத்தறதுக்கு ஆபீஸுக்குத் தனியா நாலு தடவை போய்ட்டு வந்தாங்க. சேர்க்க வேண்டிய பேப்பரை எல்லாம் அவங்களே எடுத்து வெச்சாங்க.

வெண்ணிலா ஓ.டி.
செவ்வந்தி, அதை அப்படியே தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். அந்த நாலு முறை பென்ஷன் அலைச்சல் ஒரு மோக்காவை விடப் பெரிய சான்று. எந்த ஆவணம் வேண்டும் என்று நினைவில் வைத்து, பஸ் பிடித்து, கவுன்டரில் பேசி, அடுத்த தேதியை மறக்காமல் திரும்பிப் போயிருக்கிறார். டிமென்ஷியா என்று சொல்ல வேண்டுமென்றால் அன்றாட வாழ்க்கையில் முன்பு செய்ததைச் செய்ய முடியாமல் போயிருக்க வேண்டும். எந்த மதிப்பெண்ணும் இந்த நிபந்தனையைத் தாண்டிப் போக முடியாது. சாவியை அம்மாவிடமே கொடுக்கச் சொல்லுங்கள் அண்ணனிடம்.

கரிசல்டாக்டர்
நிறைமதி மேடம், எல்லை எண்ணே நம்பத்தகுந்தது இல்லை என்றால் மொத்த மதிப்பெண்ணை வைத்து நான் என்னதான் செய்வது?

நிறைமதி
மொத்தத்தைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் புள்ளிகள் எங்கே போயின என்று பாருங்கள். அடையாளம் எல்லாம் மாற்றிய இரண்டு தாள்களைச் சொல்கிறேன்.

முதல் தாள். 71 வயது, ஐந்தாம் வகுப்பு, காய்கறிக் கடை. எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோடு போட்டு இணைப்பது வரவில்லை. கனசதுரம் வரவில்லை. கடிகாரத்தில் வட்டம் மட்டும் சரி, எண்கள் ஒரு பக்கமாக நெருக்கி நிற்கின்றன. ஆக 5க்கு 1. மூன்று விலங்குகளில் காண்டாமிருகம் தெரியவில்லை, 2. கவனப் பகுதியில் எண்களை நேராகச் சொன்னார், தலைகீழாகச் சொல்ல முடியவில்லை. கை தட்டுவது சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்ததில் மூன்று விடைகள் சரியாக வந்ததால் அதற்கு 2. பகுதிக்கு 6க்கு 4. மொழி 3க்கு 1. ஒற்றுமை சொல்வது 2க்கு 1. ஐந்து நிமிடம் கழித்து ஐந்து சொற்களில் மூன்றைத் தானாகச் சொன்னார். தேதி, இடம் எல்லாம் 6க்கு 6. கூட்டினால் 18, படிப்புக்காக 1 சேர்த்து 19.

இரண்டாவது தாள். 76 வயது, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், பி.எட். வரைதல் 5, பெயர் 3, கவனம் 6, மொழி 3, ஒற்றுமை 2. எல்லாம் முழுசு. ஐந்து நிமிடம் கழித்துச் சொற்கள் 5க்கு 0. தேதியும் மாதமும் தவறு, 6க்கு 4. மொத்தம் 23.

எண்ணை மட்டும் பார்த்தால் முதலாமவர்தான் மோசம். நான் கவலைப்படுவது இரண்டாமவரைப் பற்றி. முதல் தாளில் போன புள்ளிகள் பெரும்பாலும் பென்சிலும் பள்ளிக்கூடமும் தேவைப்படும் இடங்களில் போயிருக்கின்றன. ஞாபகமும் தேதியும் நிற்கின்றன. இரண்டாவது தாளில் பள்ளிக்கூடத் திறமைகள் அப்படியே இருக்க, புதிதாகக் கேட்டதைப் பிடித்துவைக்கும் வேலை மட்டும் காலியாகிவிட்டது. அல்சைமர் வகை நோய் பெரும்பாலும் இந்தப் பாதையில்தான் தொடங்கும்.

இதை இன்னும் உறுதிசெய்ய அந்தத் தாளிலேயே ஒரு வசதி இருக்கிறது, முகாம்களில் யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. தானாக வராத சொல்லுக்கு முதலில் வகைக் குறிப்பு கொடுக்கலாம், "அது உடம்பில் ஒரு பகுதி" என்பது போல. அப்படியும் வரவில்லை என்றால் மூன்று சொற்களைச் சொல்லி அதில் எது என்று கேட்கலாம். இவற்றுக்கு 30இல் புள்ளி கிடையாது. ஆனால் தானாகச் சொன்னதற்கு 3, வகைக் குறிப்பில் வந்ததற்கு 2, மூன்றில் ஒன்றாகத் தேர்ந்ததற்கு 1 என்று போட்டால் 15க்கு ஒரு நினைவுக் குறியீடு கிடைக்கும். காய்கறிக் கடைக்காரர் மூன்றைத் தானாகச் சொன்னார், மீதி இரண்டும் குறிப்பில் வந்தன: 9ம் 4ம் 13. ஆசிரியருக்கு வகைக் குறிப்பு எதற்குமே உதவவில்லை. தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஒன்று மட்டும் சரி: 15க்கு 1. குறிப்பு கொடுத்தால் வருகிறது என்றால் சொல் உள்ளே சேர்ந்திருக்கிறது, எடுக்கத்தான் தடுமாற்றம். மனச்சோர்வு, தூக்கமின்மை, மூளை ரத்தக்குழாய்ப் பிரச்சினை இவற்றில் அப்படி இருக்கலாம். குறிப்பு கொடுத்தும் வரவில்லை என்றால் உள்ளே சேரவே இல்லை என்று சந்தேகிக்க வேண்டும். சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

காதொலி
சொல் உள்ளே சேரவே இல்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு: காதிலேயே விழவில்லை. நான் ஆடியாலஜிஸ்ட். முகாம் என்றால் பக்கத்தில் மைக், குழந்தை அழுகை, நாற்காலி இழுக்கும் சத்தம். அந்த ஐந்து சொற்களை இரண்டு முறை வாசித்து இரண்டு முறையும் திரும்பச் சொல்லச் சொல்வோம் அல்லவா? அதற்குப் புள்ளி இல்லை என்பதால் செவிலியர்கள் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். என் கணக்கில் மொத்தத் தாளிலும் முக்கியமான இடம் அதுதான். அங்கேயே சொல்லைத் திரித்துச் சொன்னார் என்றால், உதாரணமாக "பட்டு" என்று வாசித்ததை "தட்டு" என்று திருப்பிச் சொன்னார் என்றால், அது காதுப் பிரச்சினை. ஐந்து நிமிடம் கழித்து அவர் "தட்டு" என்று சொன்னால் ஞாபகம் நன்றாகவே வேலை செய்கிறது!

எளிய வழி: தொடங்குமுன் இரண்டு காதிலும் மெழுகு இருக்கிறதா பாருங்கள். முகத்துக்கு நேரே, வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். கருவி வைத்திருந்தால் போட்டிருக்கிறாரா, பேட்டரி இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கும் கண்ணாடியும் அப்படியே. முதல் சுற்றில் இரண்டு சொல்லுக்கு மேல் திரிந்தால் அந்தத் தாளில் மதிப்பெண் போடாமல் "கேட்கவில்லை" என்று எழுதி வேறு நாள் வையுங்கள்.

எஸ்.ரகு
நிறைமதி மேடம் சொன்ன உதாரணத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு தாளையும் இப்படிப் பிரித்துப் பார்க்க ஆள் எங்கே இருக்கிறார்கள்? படிக்காதவர்களுக்கு வேறு தாள் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாமே.

வெண்ணிலா ஓ.டி.
இருக்கிறது சார். ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்காக எம்எம்எஸ்இயை மாற்றி இந்தி மென்டல் ஸ்டேட் என்று 1995இல் கொண்டுவந்தார்கள். "கண்ணை மூடு" என்று எழுதியதை வாசிக்கச் சொல்வதற்குப் பதில், நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள் என்று காட்டுவார்கள். அன்றாட வேலைத் திறனைக் குடும்பத்தாரிடம் கேட்கும் ஈசி என்ற இந்தியப் பட்டியலும் அதே குழுவிலிருந்து வந்ததுதான். மோக்காவிலேயே பேசிக் என்ற வடிவம் படிப்பு குறைந்தவர்களுக்காக இருக்கிறது. சிட்னியில் புலம்பெயர்ந்தவர்களுக்காக 2004இல் வந்த ருடாஸ் என்ற தாளில் நினைவுப் பகுதியே மளிகைப் பட்டியல்தான்: தேயிலை, எண்ணெய், முட்டை, சோப்பு. கடைக்குப் போகாத முதியவர் நம் ஊரில் ஏது?

ஆனால் தாளை மாற்றினால் மட்டும் போதாது. தேதி கேட்டால் "ஆடி பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை" என்று சரியாகச் சொன்ன தாத்தாவுக்கு, ஆங்கில மாதம் சொல்லவில்லை என்று பூஜ்யம் போட்ட தாள்களைப் பார்த்திருக்கிறேன். நாள்காட்டியை வைத்துச் சரிபார்த்து, அவர் வாழும் காலக்கணக்கில் சரியாகச் சொல்கிறாரா என்று ஓரத்தில் குறிப்பு எழுதுங்கள். மதிப்பெண் விதியை நாமே மாற்றக் கூடாது, ஆனால் படிப்பவருக்கு அந்தக் குறிப்பு தெரிய வேண்டும்.

எண்வழி
நான் பொதுச் சுகாதாரப் புள்ளிவிவரம். யாரும் இன்னும் தொடாத ஒன்று இருக்கிறது. தாள் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், யாரிடம் போடுகிறோம் என்பதைப் பொறுத்து "பாசிட்டிவ்" என்பதன் பொருள் மாறிவிடும்.

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் டிமென்ஷியா 7.4 சதவீதம் என்று லாசி-டாட் ஆய்வு 2023இல் சொன்னது. முகாமுக்கு 1,000 பேர் வந்தால் 74 பேருக்கு நோய் இருக்கும், 926 பேருக்கு இருக்காது. கணக்குக்காக உங்கள் தாள் நோய் உள்ளவர்களில் 85 சதவீதத்தைப் பிடிக்கும், நோய் இல்லாதவர்களில் 85 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம். நோயுள்ள 74இல் 63 பேர் பிடிபடுவார்கள். நோயில்லாத 926இல் 139 பேர் தவறாகப் பிடிபடுவார்கள். மொத்தம் 202 பேருக்கு "குறைவு" என்று சொல்வோம், அதில் 63 பேருக்குத்தான் நோய். மூன்றில் ஒருவர்கூட முழுசாக இல்லை.

இதே தாளை நினைவாற்றல் கிளினிக்கில் போடுங்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நோய் என்று வைத்தால் 500இல் 425 பேர் சரியாகவும், மற்ற 500இல் 75 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். அங்கே "குறைவு" என்று வந்தவரில் 100க்கு 85 பேருக்கு நோய் இருக்கும். தாள் ஒன்றே, மதிப்பெண் ஒன்றே. இடம் மாறினால் 100க்கு 31 பேர் என்பது 85 பேர் ஆகிறது. கிளினிக்கில் பழகிய டாக்டர்கள் முகாமுக்கு வந்து அதே நம்பிக்கையோடு சீட்டு எழுதும்போது செவ்வந்தி அம்மாவுக்கு நடந்தது நடக்கிறது.

படிப்பு குறைந்த ஊரில் அந்த எல்லை எண் 40 சதவீத ஆரோக்கியமானவர்களையும் தவறாகப் பிடித்தால் கணக்கு இன்னும் விழும். 926இல் 370 பேர் தவறாக வருவார்கள். அப்போது "குறைவு" என்ற ஏழு பேரில் ஒருவருக்குத்தான் நோய்.

கரிசல்டாக்டர்
இது எனக்கு உறைத்தது. அப்படியானால் எந்தப் புகாரும் இல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனையைப் போடுவதே தவறா?

எண்வழி
என் கருத்தில், ஆம். அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2020இல் இதைப் பரிசீலித்து, அறிகுறி இல்லாத முதியோரை எல்லாம் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லச் சான்று போதவில்லை என்றது. சான்று இல்லாமல் நாம் ஊரையே பயமுறுத்தக் கூடாது.

நிறைமதி
நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். மேல்நாட்டில் முதியவர் ஆண்டுக்கு ஒருமுறை குடும்ப மருத்துவரைப் பார்ப்பார், மாற்றம் அங்கே தெரிந்துவிடும். நம் ஊரில் "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று சொல்லி, வீட்டை விட்டுப் போய் வழிதவறிய பிறகுதான் கூட்டி வருகிறார்கள். அந்த நிலைக்கு முன் பி12 குறைவோ, தைராய்டோ, தூக்க மாத்திரையோ காரணமாக இருந்திருந்தால் சரிசெய்திருக்கலாம். கதவைத் தட்டிக் கேட்பதில் பயன் இருக்கிறது. ஆனால் கேட்க வேண்டியது தாளிலிருந்து அல்ல, வீட்டாரிடமிருந்து.

எண்வழி
வீட்டாரைக் கேட்பதற்கு எனக்கு எந்த மறுப்பும் இல்லை. மதிப்பெண்ணைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுப்பதற்குத்தான் மறுப்பு.

வெண்ணிலா ஓ.டி.
வீட்டாரைக் கேட்கும் விதத்திலும் சூட்சுமம் இருக்கிறது. "அம்மாவுக்கு மறதி இருக்கா" என்று கேட்டால் எல்லோரும் "ஆமா" என்பார்கள். "இரண்டு வருஷத்துக்கு முன்னாடி தானாகச் செய்தது, இப்போ செய்யாதது என்ன?" என்று கேளுங்கள். மாற்றம்தான் வேண்டும். கடையில் மீதிச் சில்லறை சரிபார்ப்பது நின்றதா? ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்கிறாரா? குழம்பில் இரண்டு முறை உப்பு விழுகிறதா? பழகிய தெருவில் வழி தடுமாறினாரா? மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், எப்போதிலிருந்து?

"எப்போதிலிருந்து" என்பதை விட்டுவிடாதீர்கள். போன வாரம் திடீரென்று தொடங்கியது, காலையில் தெளிவு மாலையில் குழப்பம், பேசும்போதே தூங்கி விழுகிறார் என்றால் அது டெலிரியம். சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, புது மாத்திரை என்று காரணம் தேட வேண்டிய அவசரம். அந்த நேரத்தில் மோக்கா போடவே கூடாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கும் உடனே போடாமல் சில வாரங்கள், முடிந்தால் இரண்டு மூன்று மாதங்கள் தள்ளிப் போடுங்கள்.

எஸ்.ரகு
மருந்துப் பட்டியலை நான் சேர்க்கிறேன். சளிக்குப் போடும் குளோர்பெனிரமைன், கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கு ட்ரைஹெக்சிஃபெனிடில், சிறுநீர் அடக்க ஆக்ஸிபியூட்டினின், தூக்கத்துக்கு அல்பிரசோலம். ஐந்தும் முதியோரின் ஞாபகத்தை மங்கவைக்கும். ஒரே பையில் இதில் மூன்று இருக்கும் ஆட்களைப் பார்க்கிறோம். பையை முகாமுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். அல்பிரசோலத்தை மட்டும் திடீரென்று நிறுத்த வேண்டாம், மெல்லக் குறைக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம். மூன்று மாதம் கழித்து மறுபடி போட்டு 2 புள்ளி குறைந்தால் நோய் முன்னேறுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்தானே?

நிறைமதி
மருந்துப் பட்டியல் அருமை சார். மறுபரிசோதனையில் மட்டும் அவசரப்படாதீர்கள். அதே ஆளுக்கு, எதுவும் மாறாமலேயே, 2 புள்ளி மேலும் கீழும் ஆடும். நேற்று தூங்கவில்லை, வேறு செவிலியர் கேட்டார், வெயில், பசி. ஏறக்குறைய 4 புள்ளி மாறினால்தான் நிஜமான மாற்றம் என்று யோசிக்கத் தொடங்கலாம். எதிர்த்திசையிலும் ஏமாறுவோம்: அதே சொற்களை மூன்று மாதத்தில் மறுபடி கேட்டால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும், மருந்து வேலை செய்தது என்று சந்தோஷப்படுவோம். அதனால்தான் மாற்று வடிவங்கள் இருக்கின்றன. ஆறு மாதமாவது விட்டு, வேறு வடிவத்தில், முடிந்தால் அதே ஆள், காலை நேரத்தில். தயவுசெய்து தாளில் உள்ள சொற்களை யாரும் இணையத்தில் போட வேண்டாம், பேரப்பிள்ளைகள் தாத்தாவைப் பயிற்றுவித்துவிடுகிறார்கள்.

கரிசல்டாக்டர்
எல்லோருக்கும் நன்றி. நேற்று அந்த 33 தாள்களையும் எடுத்து மறுபடி பார்த்தேன். நினைவுப் பகுதியில் 0 அல்லது 1 வாங்கியவர்கள், அல்லது தேதி இடத்தில் இரண்டுக்கு மேல் விட்டவர்கள் என்று பார்த்தால் 9 பேர். அதில் 2 பேருக்கு முதல் சுற்றிலேயே சொற்கள் திரிந்திருக்கின்றன. அவர்களைக் காதுக்கு அனுப்புகிறேன். மீதி 7 பேரின் வீட்டாரை அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறேன், மாத்திரைப் பையோடு. வீட்டிலும் மாற்றம் உண்டு என்றால் பி12, டிஎஸ்எச், சோடியம், ரத்த அணுக்கள், மனச்சோர்வுக் கேள்விகள், அதற்குப் பிறகுதான் நியூரோ. மீதி 24 பேரில் வீட்டாருக்குக் கவலை உண்டா என்று செவிலியர் போனில் கேட்பார். எவருடைய சீட்டிலும் எண் எழுதவில்லை. இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள்.

நிறைமதி
ஒரு ஓட்டை உண்டு. 26ம் அதற்கு மேலும் வந்த 8 பேரை நீங்கள் பார்க்கவே இல்லை. அவர்களில் நன்றாகப் படித்தவர் யாராவது நினைவுப் பகுதியில் 1 வாங்கி, மற்றதில் எல்லாம் முழுசாக வாங்கி 26இல் தப்பியிருக்கலாம். அந்த 8 தாள்களையும் திருப்பிப் பாருங்கள். மற்றொன்று, நினைவு நன்றாக இருந்து நடை, பேச்சு, குணம், திட்டமிடுதல் மட்டும் மாறியவர்கள் உங்கள் சல்லடையில் விழ மாட்டார்கள். அந்த வகை நோய்களை வீட்டார் சொல்வதை வைத்துத்தான் பிடிக்க முடியும். போனில் கேட்கும்போது "குணம் மாறியிருக்கிறதா" என்பதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கரிசல்டாக்டர்
பார்த்தேன். 27 வாங்கிய ஒரு ஓய்வுபெற்ற விஏஓ, நினைவில் 5க்கு 2. அவரையும் கூப்பிடுகிறேன்.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். ஒரு நிமிடத்தில் ஒரு எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும் பகுதியில், 11 வந்தால் 1 புள்ளி. தமிழில் "க" என்று கொடுத்தால் "காகம்", "கிளி" எல்லாம் சேர்த்தியா? எங்கள் செவிலியரில் ஒருவர் சேர்க்கிறார், மற்றவர் சேர்க்கவில்லை.

நிறைமதி
இதில் எங்கள் கிளினிக்கிலேயே ஒருமித்த கருத்து இல்லை. ஆங்கிலத்தில் எழுத்து என்பது ஒலி. தமிழில் உயிர்மெய் வேறு. பள்ளிக்கூடம் போனவர் "க" என்றால் "கடல், கண், கல்" என்று தேடுவார். போகாதவருக்கு "காகம்" சொல்லக் கூடாது என்ற விதி மனதில் நிற்காது. நான் வர்க்கம் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் அப்போது 11 என்ற எல்லை எளிதாகிவிடுகிறது என்பது உண்மை.

வெண்ணிலா ஓ.டி.
நான் அந்தப் புள்ளியைப் போட்டுவிட்டு, கூடவே ஒரு நிமிடத்தில் விலங்குகளின் பெயரைச் சொல்லச் சொல்லித் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். அதற்கு எழுத்தறிவு வேண்டியதில்லை. டாக்டர், குறைந்தபட்சம் உங்கள் இரு செவிலியரும் ஒரே மாதிரி செய்யட்டும். யார் எந்த விதியில் கேட்டார் என்று தாளின் மேலே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

செவ்வந்தி
நிறைமதி மேடம், அம்மாவை வேற டாக்டர்கிட்ட காட்டினோம். மாத்திரையை இப்போ தொடங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க. காதுல மெழுகு எடுத்திருக்காங்க, பி12 ரொம்பக் குறைவுன்னு ஊசி ஆரம்பிச்சிருக்காங்க. ஆறு மாசம் கழிச்சு வரச் சொல்லியிருக்காங்க. சாவி அம்மாகிட்ட இருக்கு.